காதுக்காக எழுதப்பட்ட கதை: பரமார்த்த குரு

பிரான்சில் வளரும் பேரப்பிள்ளைகளுக்குத் தமிழ்க் கதைகளை வாசித்துப் பதிவு செய்து அனுப்ப வேண்டும் என்ற ஆசை இப்போது புதுச்சேரியில் பல வீடுகளில் இருக்கிறது. பாட்காஸ்ட் என்கிறார்கள், ஒலிப்புத்தகம் என்கிறார்கள். பெயர் எதுவானாலும் ஒருவர் வாசிக்க மற்றவர் கேட்பதுதான். கண் மங்கிப்போன நம் வயதுக்காரர்களும் அதையே கேட்கிறார்கள். எந்தக் கதையில் ஆரம்பிப்பது என்று என்னிடம் கேட்ட நண்பர்களுக்கெல்லாம் ஒரே பதிலைத்தான் சொல்லி வருகிறேன்: பரமார்த்த குரு. சிரிப்புக் கதை என்பதற்காக மட்டும் சொல்லவில்லை. அந்தக் கதைக்கு இந்த வேலையோடு பழைய சம்பந்தம் உண்டு. அதைக் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

முதலில் ஒன்று. அச்சுப் புத்தகத்தைத் தனியாக உட்கார்ந்து மௌனமாகப் படிப்பது நம் பாட்டன் காலத்தில் எல்லோருக்கும் வாய்த்த பழக்கமல்ல. படிக்கத் தெரிந்த ஒருவர் திண்ணையில் உட்கார்ந்து ராகம் போட்டு வாசிப்பார், தெருவே கேட்கும். அதற்கென்றே வந்தவைதான் 'பெரிய எழுத்து' புத்தகங்கள். பெரிய எழுத்து நல்லதங்காள் கதை, பெரிய எழுத்து விக்கிரமாதித்தன் கதை என்று சென்னை இரத்தின நாயகர் கடை போட்ட புத்தகங்களை நம்மில் பலர் பார்த்திருப்போம். அகல் வெளிச்சத்திலும் வயதானவர் கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்றால் எழுத்து பெரிதாகத்தான் இருக்க வேண்டும். புத்தகம் ஒன்று, வாசிப்பவர் ஒருவர், கேட்பவர் இருபது பேர். அந்த இருபது பேரும் கதையை 'படித்தவர்கள்'தான், காதால்.

ஆனால் திண்ணைக்குக் கேட்க வந்தவர்களுக்குத் தமிழ் தாய்மொழி. பாரீஸ் புறநகரில் பிரெஞ்சுப் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைக்கு அப்படியல்ல. வீட்டில் அம்மா பேசும் தமிழ் ஓரளவு புரியும், பதில் பிரெஞ்சில் வரும், எழுத்து தெரியாது. அப்படிப்பட்ட ஒருவர் கேட்டுப் புரிந்துகொள்ளும்படி தமிழில் ஒரு கதை எழுத வேண்டும் என்று 300 வருடங்களுக்கு முன்னாலேயே ஒருவர் யோசித்திருக்கிறார். அவர்தான் வீரமாமுனிவர்.

இத்தாலியில் பிறந்த பெஸ்கி பாதிரியார் 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தமிழ்நாட்டுக்கு வந்தார், 1747இல் இறந்தார். தேம்பாவணியும் சதுரகராதியும் எல்லோருக்கும் தெரியும். அவர் செய்த இன்னொரு காரியம் அவ்வளவு பேசப்படுவதில்லை. தமிழுக்கு அவர் ஒன்றல்ல, இரண்டு இலக்கணங்களை லத்தீனில் எழுதினார். ஒன்று செந்தமிழுக்கு. மற்றொன்று அவர் கொடுந்தமிழ் என்று குறித்த பேச்சுத் தமிழுக்கு. இது 1738இல் தரங்கம்பாடியில் அச்சானது. அதாவது தமிழ் கற்க வருபவன் இரண்டு தமிழ்களைக் கற்க வேண்டும் என்பதை அந்த வெளிநாட்டுக்காரர் தெளிவாகப் பார்த்துவிட்டார். புதிதாக வரும் பாதிரியார்கள் அந்த நடைமுறைத் தமிழைப் படித்துப் பழகத்தான் பரமார்த்த குருவின் கதையை எழுதினார்.

1822இல் பாபிங்டன் என்ற கும்பெனி உத்தியோகஸ்தர் இதை லண்டனில் அச்சிட்டார். தமிழ் மூலம், ஆங்கில மொழிபெயர்ப்பு, கூடவே சொற்பட்டியல், முதல் கதைக்கு மட்டும் சொல் சொல்லாகப் பிரித்து விளக்கம் என்று முழுக்க முழுக்கப் பாடப்புத்தகமாகவே போட்டார். நான்கு வருடம் கழித்து, 1826இல், துபுவா பாதிரியார் பஞ்சதந்திரக் கதைகளோடு சேர்த்துப் பாரீஸில் இதைப் பிரெஞ்சில் கொண்டுவந்தார். துபுவா 1792இல் புதுச்சேரிக்கு வந்து இறங்கியவர். ஆக, என் பேத்தி வளரும் ஊருக்குப் பரமார்த்த குரு அவளுக்கு ஏறக்குறைய 200 வருடம் முந்தியே போய்ச் சேர்ந்துவிட்டார். (கதைகளெல்லாம் பெஸ்கியின் சொந்தக் கற்பனையா, ஊரில் வழங்கியவற்றை அவர் எடுத்துக் கோத்தாரா என்பது பழைய சண்டை. நமக்கு அது இங்கே வேண்டாம்.)

எந்தத் தமிழில் வாசிப்பது என்ற கேள்வியை அலட்சியப்படுத்தினால் என்ன ஆகும் என்பதற்கு நம் ஊர்க்காரர்களின் சரித்திரத்திலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. 1848இல் பிரெஞ்சுக் குடியேற்ற நாடுகளில் அடிமை முறை ஒழிந்ததும், ரெயூனியோன் தீவின் கரும்புத் தோட்டங்களுக்குப் புதுச்சேரியிலிருந்தும் காரைக்காலிலிருந்தும் ஒப்பந்தக் கூலிகளாக நம் ஜனங்கள் கப்பலேறினார்கள். அவர்கள் தெருக்கூத்தையும் கொண்டுபோனார்கள். அங்கே அதற்கு 'பால் தமூல்' என்று பெயர் விழுந்தது, தமிழ் ஆட்டம் என்று அர்த்தம். வாத்தியார் ஏட்டையோ நோட்டையோ வைத்துக்கொண்டு பாட, வேஷம் கட்டியவர்கள் இராத்திரி முழுக்க ஆடுவார்கள். தலைமுறைகள் கடந்தன. வீட்டில் பேசுவது கிரியோல் ஆகிவிட்டது. ஆனாலும் பாட்டு தமிழிலேயே தொடர்ந்தது. என்ன நடக்கிறது என்பதைக் கிரியோலில் எடுத்துச் சொன்னால்தான் கூட்டத்துக்குப் புரியும் என்ற நிலை வந்தது.

அந்தக் கலைஞர்களை நான் குறை சொல்லவில்லை. அவ்வளவு தூரத்தில் அவ்வளவு காலம் காப்பாற்றி வைத்தது பெரிய காரியம். ஆனால் கூத்துப் பாட்டு பழைய செய்யுள் தமிழ். வீட்டில் பேசும் தமிழுக்கும் அதற்கும் நடுவே ஏணி இல்லை. வீட்டுத் தமிழ் போனதும், பாட்டு சப்தமாக மட்டும் நின்றது. இன்று பதிவுகள் செய்பவர்களில் சிலர் நேராகச் செய்யுள் நடையில் ஆரம்பிப்பதைக் கேட்கும்போது எனக்கு அந்த வாத்தியார்தான் ஞாபகத்துக்கு வருகிறார்.

சரி, அப்படியானால் முழுக்கப் பேச்சுத் தமிழிலேயே வாசித்துவிடலாமே என்று தோன்றும். அங்கே வேறு சிக்கல். யாருடைய பேச்சுத் தமிழ்? பாரீஸில் தமிழ் கேட்கும் பிள்ளைகளில் பெரும்பாலோர் ஈழத்துக் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். நாம் 'ஒண்ணு' என்பதை அவர்கள் 'ஒண்டு' என்பார்கள். நாம் 'இங்க வா' என்றால் அவர்கள் 'இஞ்ச வா' என்பார்கள். நம் பேச்சை அப்படியே பதிவு செய்தால் நம் வீட்டுப் பிள்ளைக்கு மட்டும்தான் வசதி.

நான் கைக்கொள்ளும் வழி இது. கதை சொல்லும் பகுதிக்கு எளிய எழுத்துத் தமிழ், ஆனால் பேச்சிலும் வழங்கும் சொற்களாகப் பார்த்து எடுக்க வேண்டும். 'சென்றார்' வந்தால் 'போனார்' என்று மாற்றுகிறேன். 'கூறினார்' என்பது 'சொன்னார்' ஆகிறது. 'உறங்குகிறது' என்பது 'தூங்குகிறது' ஆகிறது. போனார், சொன்னார் என்று திருத்தமாக உச்சரித்தால் காரைக்கால் பிள்ளைக்கும் புரியும், யாழ்ப்பாணத்துப் பிள்ளைக்கும் புரியும். பாத்திரங்கள் வாய்விட்டுப் பேசும் இடங்களில் மட்டும் பேச்சுத் தமிழ். குரு நம் ஊர்க்காரராகப் பேசிவிட்டுப் போகட்டும், அதனால் கதை கெடாது. பிள்ளையின் காதுக்குக் குரல் மாறுவதும் நடை மாறுவதும் ஒன்றாக நடப்பதால், 'இப்போது ஓர் ஆள் பேசுகிறான்' என்று தானாகப் புரிந்துவிடுகிறது.

ஆற்றைக் கடக்கும் முதல் கதையையே எடுத்துக்கொள்வோம். குருவும் மட்டி, மடையன், பேதை, மூடன், மிலேச்சன் என்ற ஐந்து சீடர்களும் ஓர் ஆற்றங்கரைக்கு வருகிறார்கள். ஆறு விழித்திருந்தால் ஆளை விழுங்கிவிடும், தூங்கும்போதுதான் இறங்க வேண்டும் என்பது அவர்கள் நினைப்பு. ஒரு சீடன் கொள்ளிக்கட்டையைத் தூக்கிக்கொண்டு போய்த் தண்ணீரில் வைக்கிறான். சுர்ரென்று சத்தம் போட்டுப் புகைகிறது. ஐயோ, ஆறு விழித்துக்கொண்டிருக்கிறது என்று ஓடி வருகிறான். காத்திருந்து, பிறகு மறுபடி சோதித்து, ஒருவழியாகக் கடந்து அக்கரை சேர்கிறார்கள். எல்லோரும் வந்தோமா என்று எண்ணிப் பார்க்கிறார்கள். எண்ணுகிறவன் தன்னை விட்டுவிட்டு எண்ணுவதால் ஐந்துதான் வருகிறது. ஒருவன் ஆற்றோடு போய்விட்டான் என்று ஒப்பாரி. வழியில் வந்த ஒருவன் காசு பேசிக்கொண்டு, ஒவ்வொருவன் முதுகிலும் ஓர் அடி வைத்து எண்ணிக் காட்டுகிறான். ஆறு பேரும் சரியாக இருக்கிறார்கள்!

காதுக்கு இதைவிடப் பொருத்தமான கதையைத் தேடிப் பிடிப்பது கஷ்டம். கதையின் முக்கியமான இரண்டு இடங்களும் சத்தத்தில் இருக்கின்றன. கொள்ளி அணையும் சத்தம் ஒன்று, எண்ணுகிற சத்தம் ஒன்று. படம் தேவையில்லை. ஒன்று முதல் ஐந்து வரை மூன்று நான்கு முறை திரும்பத் திரும்ப வருவதால், எண்கள் தெரியாத பிள்ளைக்கும் கதை முடிவதற்குள் எண்கள் வந்துவிடும். எல்லாவற்றுக்கும் மேலாக, எண்ணுகிறவன் செய்யும் தவறு கேட்கும் பிள்ளைக்குத் தெரிகிறது, கதையில் இருக்கும் ஆறு பேருக்கும் தெரியவில்லை. ஐந்து என்று சொன்ன பிறகு மூன்று விநாடி நான் சும்மா இருக்கிறேன். அந்த மூன்று விநாடியில்தான் பிள்ளை கத்தும். என் பேத்தி அங்கே கத்தியதை மகள் போனில் கேட்கவிட்டாள்: "தாத்தா, அவன் அவன விட்டுட்டான்!" வழக்கமாகப் பிரெஞ்சில் பதில் சொல்கிற பெண் அவள்.

வேகத்துக்கு வருகிறேன். இங்கே எனக்கு உதவியது நான் படித்த பிரெஞ்சுப் பள்ளிக்கூடம். எங்கள் வகுப்பில் 'திக்தே' என்று ஒன்று உண்டு. சொல்வதெழுதுதல்தான், ஆனால் அதற்கு ஒரு முறை இருந்தது. ஆசிரியர் முதலில் பகுதி முழுவதையும் சாதாரண வேகத்தில் ஒருமுறை வாசிப்பார், யாரும் எழுதக் கூடாது, கேட்க வேண்டும். பிறகு நான்கைந்து சொற்களாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் இரண்டு முறை சொல்வார், நாங்கள் எழுதுவோம். கடைசியில் மறுபடி முழுவதையும் ஒரே ஓட்டமாக வாசிப்பார். பிரெஞ்சு எங்கள் வீட்டு மொழியல்ல, ஆனாலும் அந்த மூன்றாவது வாசிப்பு வரும்போது முதலில் புரியாத இடங்கள் புரிந்திருக்கும். அது எங்களுக்கே ஆச்சரியமாக இருக்கும்.

அதே முறையைப் பதிவிலும் வைத்திருக்கிறேன். கதையை ஆறேழு நிமிடத் துண்டுகளாகப் பிரிப்பது. ஒவ்வொரு துண்டையும் ஒருமுறை இயல்பாக வாசிப்பது. அதில் ஒரு பத்தியை மட்டும் எடுத்துச் சொற்றொடர் சொற்றொடராக, இடைவெளி விட்டு, இரண்டிரண்டு முறை சொல்வது. பிள்ளை கூடவே சொல்ல விரும்பினால் அந்த இடைவெளியில் சொல்லலாம். பிறகு அந்தப் பத்தியை மீண்டும் ஒரே ஓட்டமாக. எல்லாவற்றையும் மெதுவாக வாசித்தால் பிள்ளைக்குத் தூக்கம் வரும். இழுத்து இழுத்துப் பேசுகிற தமிழை எந்த வீட்டிலும் யாரும் பேசுவதில்லை, அதைக் கேட்டுப் பழகினால் அம்மா பேசுவதும் புரியாமல் போகும்.

புரிந்ததா என்று எப்படித் தெரிந்துகொள்வது? 'புரிந்ததா?' என்று கேட்டால் எந்தப் பிள்ளையும் 'உய்' என்று தலையாட்டிவிடும். மறுநாள் கதையைத் திருப்பிச் சொல்லச் சொல்ல வேண்டும், எந்த மொழியில் வேண்டுமானாலும் சொல்லட்டும். கொள்ளிக்கட்டையை ஏன் தண்ணீரில் வைத்தார்கள் என்பதைச் சொல்லிவிட்டால் கதை போய்ச் சேர்ந்துவிட்டது. அந்த இடத்தைத் தாண்டி நேரே அடி விழுந்ததற்குப் போய்விட்டால், நடுவில் ஏதோ ஒரு சொல் தடுத்திருக்கிறது என்று அர்த்தம். எங்கள் வீட்டில் அந்தச் சொல் 'கொள்ளி' என்று தெரிந்தது. மின்சார அடுப்பு இருக்கும் வீட்டில் வளர்ந்த பிள்ளைக்குக் கொள்ளி எங்கே தெரியும்? சொல்லை மாற்றவில்லை. 'எரிகிற கட்டை, கொள்ளிக்கட்டை' என்று இரண்டையும் அடுத்தடுத்து வைத்தேன். பெரியவர்கள் கதை சொல்லும்போது இயல்பாகச் செய்வதும் அதுதான்.

இனி நம் வயதுக்காரர்கள். அலுவலகத்தில் எனக்கு மேலே இருந்த ஒருவர், எண்பதைத் தாண்டியவர், கண்ணழுத்த நோயால் பார்வை பெரும்பாலும் போய்விட்டது. அவருக்காக அதே கதையை வேண்டுமென்றே இரண்டு விதமாகப் பதிவு செய்து கொடுத்துப் பார்த்தேன். ஒன்றில் பின்னணியில் மெல்லிய புல்லாங்குழல் ஓடியது, மற்றதில் என் குரல் மட்டும். குழல் வைத்ததைக் கேட்டுவிட்டு அவர் சொன்னார்: "தம்பி, நீ பேசறது கேக்குது. என்ன பேசறேன்னுதான் தெரியல." குரல் மட்டும் இருந்ததை முழுக்கக் கேட்டுச் சிரித்தார்.

அவர் சொன்னதற்குக் காரணம் உண்டு. வயதாகும்போது முதலில் குறைவது உயர்ந்த சுருதி ஒலிகளைக் கேட்கும் சக்தி. உயிரெழுத்துகள் கனமானவை, நன்றாகக் கேட்கும். ச, த, ட, ப போன்ற ஒலிகளை ஒன்றிலிருந்து ஒன்று பிரித்துக் காட்டும் நுண்ணிய பகுதி மேல் சுருதியில் இருக்கிறது, அதுதான் கரைந்துபோகிறது. ஆகவே சத்தம் வரும், சொல் வராது. புல்லாங்குழல் ஓடினால் மிச்சமிருந்ததும் மூடிப்போகிறது. சத்தத்தைக் கூட்டினால் குழலும் சேர்ந்துதான் கூடும். இதற்கு மருந்து: பின்னணி இசையே வேண்டாம், தொடக்கத்தில் நாலு விநாடி மணியடித்தால் போதும், சொல்லின் கடைசி எழுத்தை விழுங்காமல் முடிக்க வேண்டும், வாக்கியத்துக்கு வாக்கியம் மூச்சு விட்டுப் போக வேண்டும். அந்த நிறுத்தத்தில்தான் வயதானவர் மனம், விட்டுப்போன சொல்லை ஊகித்து நிரப்பிக்கொள்கிறது. வேடிக்கை என்னவென்றால், பாரீஸ் பிள்ளைக்குத் தேவைப்பட்டதும் ஏறக்குறைய இதே பதிவுதான். அளவு மட்டும் வேறு. பிள்ளைக்கு ஆறேழு நிமிடம். பெரியவருக்கு அது போதாது, உட்கார்ந்தால் அரை மணி நேரம் வேண்டும். திக்தே பகுதியை நீக்கிவிட்டு நாலு துண்டுகளை ஒட்டினால் அவருக்கான பதிவு தயாராகிவிடுகிறது.

பதிவு செய்ய ஸ்டுடியோ வேண்டாம். மின்விசிறியை நிறுத்திவிட்டு, துணிகள் நிறைந்த அலமாரியைத் திறந்து வைத்து, அதைப் பார்த்தபடி உட்கார்ந்து பேசினால் எதிரொலி அடங்கும். கைப்பேசியை வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி, சற்றுப் பக்கவாட்டில் வைக்க வேண்டும். நேர் எதிரே வைத்தால் 'ப' வரும்போதெல்லாம் ஊதுகிற சத்தம் விழும். எங்களைப் போல் பல்செட் போட்டவர்கள் பக்கத்தில் ஒரு டம்ளர் தண்ணீர் வைத்துக்கொள்வது நல்லது. வாய் உலர்ந்தால் ச, ஸ எல்லாம் விசிலடிக்கும்.

கைப்பேசியை இயக்கத் தெரியாத பெரியவர்களுக்கு, பக்திப் பாட்டுக் கேட்க வாங்கி வைத்திருப்பார்களே, பென்டிரைவ் செருகும் சின்ன ஸ்பீக்கர் பெட்டி, அது போதும். பித்தானை அமுக்கினால் அடுத்த கதை. ஒலியை மோனோவில் 64 கேபிபிஎஸ் அளவில் சேமித்தால் நிமிடத்துக்கு அரை எம்பிதான் ஆகும், பேச்சுக்கு அது தாராளம். ஃபைல்களுக்குப் பெயர் வைக்கும்போது `01.mp3`, `02.mp3` என்று இரண்டு இலக்கமாக வைக்க வேண்டும். `1.mp3` என்று ஆரம்பித்தால் பல பெட்டிகளில் ஒன்றுக்கு அடுத்துப் பத்து வரும். ஒவ்வொரு ஃபைலின் தொடக்கத்திலும் கதையின் பெயரை வாயால் சொல்லிவிட வேண்டும். கண் தெரியாதவருக்கு அதுதான் அட்டை.

குமாஸ்தா புத்தி சும்மா இருக்காது, ஆகவே உரிமை பற்றியும் ஒரு வார்த்தை. நம் நாட்டுச் சட்டப்படி எழுதியவர் இறந்து 60 வருடம் வரை உரிமை அவர் குடும்பத்துக்கோ பதிப்பாளருக்கோ உண்டு. தமிழ்நாடு அரசு நாட்டுடைமை ஆக்கிய நூல்களுக்கு அந்தத் தடை இல்லை. பெஸ்கி இறந்து 270 வருடத்துக்கு மேல் ஆகிறது, அவர் எழுதியதை யார் வேண்டுமானாலும் வாசிக்கலாம். ஆனால் கடைகளில் கிடைக்கும் 'சிறுவர்களுக்கான பரமார்த்த குரு' என்பவை யாரோ இந்தக் காலத்தில் தம் நடையில் திருப்பி எழுதியவை. அதைப் பார்த்து வாசித்துப் பொதுவில் வெளியிட்டால் அது அவர் சொத்து. பழைய மூலத்தை எடுத்துக்கொள்ள வேண்டும், அல்லது கதையைப் படித்துவிட்டுப் புத்தகத்தை மூடி வைத்து நம் வாயால் சொல்ல வேண்டும். இரண்டாவது வழியே எனக்குப் பிடித்தது.

ஒரு நண்பர் சீடர்களின் பெயர்களை மாற்றச் சொன்னார். மட்டி, மடையன் என்றெல்லாம் பிள்ளைகள் பள்ளியில் யாரையாவது கூப்பிட்டுவிடுவார்களாம். பிரெஞ்சுப் பள்ளியில் யாருக்குப் புரியப் போகிறது என்று கேட்டேன். மிலேச்சன் என்ற பெயர்தான் கொஞ்சம் உறுத்துகிறது. வெளிநாட்டுக்காரனைக் குறிக்கும் வசைச் சொல் அது, வெளிநாட்டுக்காரரான பெஸ்கியே அதை ஒரு சீடனுக்கு வைத்ததில் ஒரு குறும்பு இருப்பதாகப் படுகிறது. அப்படியே விட்டுவிட்டேன்.

இப்போது குதிரை முட்டைக் கதையில் நிற்கிறேன். பூசணிக்காயைக் குதிரை முட்டை என்று ஏமாந்து வாங்கிக்கொண்டு வரும் வழியில் அது விழுந்து உடைகிறது, புதரிலிருந்து முயல் ஒன்று ஓடுகிறது, குதிரைக் குட்டி தப்பியது என்று துரத்துகிறார்கள். இதில் ஆற்றுக் கதையைப் போல் சத்தம் இல்லை, எல்லாம் கண்ணுக்கான வேடிக்கை. பூசணிக்காய் உடைவதற்கு அடுப்பங்கரையில் ஒரு பழுத்த பறங்கிக்காய் தயாராக இருக்கிறது. முயல் ஓடுவதைக் காதுக்கு எப்படிக் காட்டுவது என்றுதான் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.